விடுதி வைஃபையில் மின்னஞ்சல் செயலி ‘இணைக்க முடியவில்லை’ என்றால் செய்ய வேண்டியவை: முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியில் விடுதி அறை எடுத்துத் தங்குபவர்களும், சென்னை விமான நிலையத்தில் விமானத்துக்காகக் காத்திருக்கும் கடலூர், புதுச்சேரிப் பயணிகளும் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. மடிக்கணினியில் வைஃபை இணைந்துவிட்டதாகக் காட்டுகிறது, அடையாளமும் முழுதாகத் தெரிகிறது, ஆனால் தண்டர்பேர்டு, அவுட்லுக் போன்ற மின்னஞ்சல் செயலியைத் திறந்தால் சர்வரோடு இணைக்க முடியவில்லை என்ற பிழை மட்டுமே வருகிறது. நேற்று வீட்டில் ஒழுங்காக வேலை செய்த கணக்கு இன்று விடுதியில் மட்டும் இப்படி நடந்தால், கணக்கிலோ கடவுச்சொல்லிலோ கோளாறு இல்லை என்றே முதலில் கொள்ள வேண்டும். பெரும்பாலும் அந்த வைஃபையின் உள்நுழைவுப் பக்கம் இன்னும் நிரப்பப்படாமல் இருக்கும்.

ஆகவே முதல் விதி, கணக்கின் அமைப்புகளில் கை வைக்கக் கூடாது என்பதுதான். சர்வர் பெயரை மாற்றுவது, போர்ட் எண்ணை மாற்றுவது, கணக்கை நீக்கிவிட்டு மீண்டும் சேர்ப்பது, கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடிப்பது ஆகிய எதுவும் இந்தப் பிழையைத் தீர்க்காது. மாறாக, உள்நுழைவு முடிந்து இணையம் கிடைத்த பிறகும் மாற்றிவைத்த அமைப்பினால் அஞ்சல் வராமல் போகும். அப்போது ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

பிழை ஏன் வருகிறது

இத்தகைய வைஃபையில் நமது கருவி சேர்ந்தவுடன் ரவுட்டர் அதற்கு ஓர் ஐபி முகவரியைக் கொடுத்துவிடுகிறது. வைஃபை அடையாளம் முழுதாகத் தெரிவதற்கு இதுவே போதும். ஆனால் அந்த ரவுட்டருக்குப் பின்னால் உள்ள ஃபயர்வால், உள்நுழைவு முடியாத கருவியின் போக்குவரத்தை வெளியே விடுவதில்லை. வாசற்கதவைத் திறந்து உள்ளே விட்ட விடுதிக்காரர், பதிவேட்டில் பெயர் எழுதும் வரை அறைச் சாவியைத் தராமல் வைத்திருப்பது போன்ற நிலை இது. அந்தக் கட்டத்தில் ஃபயர்வால் ஒரே ஒரு வகைக் கோரிக்கையை மட்டும் பிடித்துத் திருப்பிவிடுகிறது: 80ஆம் போர்ட்டில் செல்லும், மறையாக்கம் இல்லாத சாதாரண http கோரிக்கை. உலாவி அப்படி ஒரு பக்கத்தைக் கேட்டால், கேட்ட பக்கத்துக்குப் பதிலாக விடுதியின் உள்நுழைவுப் பக்கம் வந்து நிற்கும்.

மின்னஞ்சல் செயலி 80ஆம் போர்ட்டைப் பயன்படுத்துவதே இல்லை. அஞ்சலைப் பெற ஐமேப் முறையில் 993ஆம் போர்ட்டையும், அனுப்ப 587 அல்லது 465ஆம் போர்ட்டையும் அது நாடுகிறது. அந்தப் போர்ட்களில் செல்லும் கோரிக்கைக்கு ஒரு வலைப்பக்கத்தைப் பதிலாகக் காட்ட முடியாது. காட்டினாலும் அஞ்சல் செயலிக்கு அதைப் படிக்கத் தெரியாது. அதனால் உள்நுழைவுப் பக்கம் ஒன்று காத்திருக்கிறது என்ற செய்தி அஞ்சல் செயலியை எட்டுவதே இல்லை. எட்டுவது இணைப்புத் தோல்வி மட்டுமே.

அந்தத் தோல்வி மூன்று வடிவங்களில் வரும். அவற்றை வேறுபடுத்தி அறிந்துகொள்வது நல்லது, ஏனெனில் மூன்றாவது வடிவத்தில் ஆபத்து இருக்கிறது.

முதல் வடிவம், நீண்ட காத்திருப்புக்குப் பின் வரும் பிழை. ஃபயர்வால் நமது கோரிக்கையைப் பதில் சொல்லாமலே கைவிட்டுவிடுகிறது. செயலி பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கிறது. தண்டர்பேர்டில் இயல்பாக அமைந்திருக்கும் காத்திருப்பு நேரம் 100 விநாடி என்பதால், ஒன்றரை நிமிடத்துக்கும் மேலாக ஒன்றும் நடக்காதது போலத் தோன்றி, அதன் பிறகே `Connection to server imap.gmail.com timed out.` போன்ற செய்தி வரும். இரண்டாவது வடிவம், திறந்தவுடன் நொடியில் வரும் பிழை. இங்கே ஃபயர்வால் கோரிக்கையை வெளிப்படையாக மறுத்துவிடுகிறது. உடனே பிழை வந்ததால் கோளாறு பெரிது என்று நினைக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

மூன்றாவது வடிவம் சான்றிதழ் எச்சரிக்கை. சர்வரின் பெயரைக் கேட்டால் அதன் ஐபி முகவரியைச் சொல்லும் சேவை டிஎன்எஸ். சில விடுதி வலையமைப்புகள் எந்தப் பெயரைக் கேட்டாலும் தமது உள்நுழைவுச் சர்வரின் முகவரியையே டிஎன்எஸ் பதிலாகத் தருகின்றன. அப்போது imap.gmail.com என்று நினைத்து நமது செயலி விடுதியின் சர்வரோடு பேசத் தொடங்குகிறது. அந்தச் சர்வர் காட்டும் சான்றிதழில் வேறு பெயர் இருப்பதைக் கண்டு செயலி நம்மை எச்சரிக்கிறது. விதிவிலக்கு அளித்துத் தொடரலாமா என்றும் கேட்கிறது. இதற்கு ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது. சம்மதித்தாலும் அஞ்சல் வராது, ஏனெனில் எதிரில் இருப்பது அஞ்சல் சர்வரே அல்ல. ஆனால் கணக்கு சாதாரணக் கடவுச்சொல் முறையில் அமைந்திருந்தால், அந்தக் கடவுச்சொல் முன்பின் தெரியாத ஒரு சர்வருக்குப் போய்ச் சேரும் வாய்ப்பு உண்டு. எச்சரிக்கைப் பெட்டியை ரத்து செய்துவிட்டு, அஞ்சல் செயலியை முழுவதுமாக மூடிவிட்டு, உலாவிக்குச் செல்வதே சரி.

கைபேசி சொல்லும் தவறான சாட்சி

பலரைக் குழப்புவது கைபேசி. அதே வைஃபையில் சேர்ந்திருக்கும் கைபேசியில் அஞ்சல் வந்துகொண்டிருக்கும்போது, மடிக்கணினியில் மட்டும் வராவிட்டால், மடிக்கணினிதான் கெட்டுவிட்டது என்ற முடிவுக்கு வருவது இயற்கை. ஆனால் ஆண்ட்ராய்டும் ஐபோனும், வைஃபையில் உண்மையில் இணையம் கிடைக்கிறது என்று உறுதியாகும் வரை, மொபைல் டேட்டாவையே பயன்படுத்திக்கொள்ளும். கைபேசிக்கு வந்த அஞ்சல் சிம் வழியாக வந்ததாகவே இருக்கலாம். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்த்தால் உண்மை உடனே தெரிந்துவிடும்.

ஒரு கருவியில் உள்நுழைந்தால் போதும், மற்றவை தாமாக இணைந்துவிடும் என்பதும் தவறான எண்ணமே. உள்நுழைவு பொதுவாகக் கருவியின் வைஃபை வன்பொருள் முகவரியான மேக் முகவரியோடு கட்டப்படுகிறது. கைபேசியில் முடித்த உள்நுழைவு மடிக்கணினிக்கு உதவாது. ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாக அந்தப் பக்கத்தை நிரப்ப வேண்டும்.

உள்நுழைவுப் பக்கத்தை வரவழைத்தல்

வழக்கமாக இந்தப் பக்கம் தானாகவே திறந்துகொள்ள வேண்டும். வைஃபையில் சேர்ந்தவுடன் இயங்குதளம் தனக்கென வைத்திருக்கும் ஒரு சோதனைப் பக்கத்தைக் கேட்டுப் பார்க்கிறது. எதிர்பார்த்த பதில் வராவிட்டால் இடையில் ஓர் உள்நுழைவுப் பக்கம் இருப்பதாக ஊகித்து அதைக் காட்டுகிறது. ஆனால் அந்தச் சாளரத்தை அவசரத்தில் மூடிவிட்டாலோ, ஐபோனில் `Use Without Internet` என்பதைத் தொட்டுவிட்டாலோ, வைஃபை இணைந்த நிலையிலேயே இருக்கும், பக்கம் மட்டும் மீண்டும் வராது. அப்போது நாமே அதை வரவழைக்க வேண்டும்.

முதலில் விபிஎன் இயங்கினால் அதை அணைத்துவிடுங்கள். உள்நுழைவுக்கு முன் விபிஎன்னால் தன் சர்வரை அடைய முடியாது. விபிஎன் இல்லாமல் எதையும் வெளியே விடாத அமைப்பு அதில் இருந்தால் உள்நுழைவுப் பக்கத்தையும் அதுவே தடுத்துவிடும். அலுவலக மடிக்கணினி வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. அதேபோல, வீட்டில் வேகத்துக்காக டிஎன்எஸ் முகவரியைக் கைமுறையாக 8.8.8.8 என்று அமைத்து வைத்திருந்தால், தற்காலிகமாகத் தானியங்கி முறைக்கு மாற்றுங்கள். உள்நுழைவுப் பக்கத்தின் பெயர் விடுதியின் டிஎன்எஸ்ஸுக்கு மட்டுமே தெரிந்ததாக இருக்கக்கூடும். ஆண்ட்ராய்டில் `Private DNS` என்ற அமைப்பும் இதே தடையை உண்டாக்கலாம். உள்நுழைவு முடிந்ததும் இவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். விபிஎன்னைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும்.

பிறகு உலாவியைத் திறந்து, முகவரிப் பட்டையில் கீழ்க்கண்டவற்றுள் ஒன்றை, `http://` என்ற முன்னொட்டோடு, அப்படியே அடியுங்கள்:

```
http://neverssl.com
http://captive.apple.com
```

இந்த முன்னொட்டு முக்கியமானது. நம்மில் பெரும்பாலோர் பழக்கத்தால் ஜிமெயிலையோ வங்கிப் பக்கத்தையோ திறந்து பார்க்கிறோம். அவை https வழியாக மட்டுமே பேச வேண்டும் என்று உலாவிக்கு ஏற்கெனவே தெரியும். மறையாக்கம் செய்யப்பட்ட கோரிக்கையை இடையில் உள்ள ஃபயர்வாலால் முறையாகத் திருப்பிவிட முடியாது. அதனால் பக்கம் திறக்காமல் நின்றுவிடும், அல்லது இணைப்பு பாதுகாப்பானதன்று என்ற எச்சரிக்கை வரும். மேலே தந்த முகவரிகள் மறையாக்கம் இல்லாமலும் திறக்கக்கூடியவை என்பதால் ஃபயர்வால் அவற்றைப் பிடித்து உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிடும். உலாவியில் எப்போதும் https மட்டுமே என்ற அமைப்பு இயக்கத்தில் இருந்தால், எச்சரிக்கையைக் கடந்து http பக்கத்துக்குத் தொடரும்படி கேட்கும். இந்த ஒரு முகவரிக்கு மட்டும் தொடரலாம்.

அதற்கும் பக்கம் வராவிட்டால், விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து `ipconfig` என்று அடித்து, `Default Gateway` என்ற வரியில் வரும் முகவரியை உலாவியில் `http://` சேர்த்து அடித்துப் பார்க்கலாம். பல சிறிய விடுதிகளில் உள்நுழைவுப் பக்கம் அந்த முகவரியிலேயே இருக்கும். இதுவும் பயன்படாவிட்டால் வைஃபையை அந்தக் கருவியில் மறக்கச் செய்து மீண்டும் சேருங்கள். இயங்குதளம் தன் சோதனையை முதலிலிருந்து நடத்தும்.

பக்கம் வந்த பின் அது கேட்பது இடத்துக்கு இடம் மாறும். சில விடுதிகள் அறை எண்ணையும் பதிவேட்டில் உள்ள பெயரையும் கேட்கின்றன. சில, வரவேற்பறையில் தரும் சீட்டில் அச்சிட்ட குறியீட்டைக் கேட்கின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் கைபேசி எண்ணுக்கு ஓடிபி அனுப்பும் முறையே வழக்கம். எதுவாயினும், மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும் பக்கமாக இருந்தால் அதை நிரப்பாதீர்கள். விடுதிக்கு நமது அஞ்சல் கடவுச்சொல் எந்த வகையிலும் தேவையில்லை.

ஒரு நிகழ்வு

பிரான்சில் குடியேறிய என் ஒன்றுவிட்ட அண்ணன் விடுமுறைக்கு வந்து புதுச்சேரியில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார். இரவு அழைத்து, “தம்பி, போன்ல மெயில் வருது, லேப்டாப்ல மட்டும் வரல. பாஸ்வேர்டை மாத்திடலாமா?” என்று கேட்டார். மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முதலில் கைபேசியில் மொபைல் டேட்டாவை அணைக்கச் சொன்னேன். அணைத்ததும் கைபேசியிலும் அஞ்சல் நின்றுபோயிற்று. அதுவரை வந்ததெல்லாம் பிரெஞ்சு சிம்மின் ரோமிங் வழியாக வந்தவை. வைஃபையில் இருக்கிறோம் என்ற நம்பிக்கையில் ரோமிங் டேட்டாவை அவர் செலவழித்துக்கொண்டிருந்தார்.

மடிக்கணினியில் அவர் ஏற்கெனவே ஜிமெயில் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தார். பாதுகாப்பு எச்சரிக்கை மட்டுமே வந்திருந்தது. neverssl.com முகவரியை http முன்னொட்டோடு அடித்ததும் விடுதியின் பக்கம் வந்தது. அது கைபேசி எண் கேட்டது. +91 என்ற முன்னெண் மாற்ற முடியாதபடி பொருத்தப்பட்டிருந்தது. பிரெஞ்சு எண்ணுக்கு அங்கே ஓடிபி வர வழியே இல்லை. புதுச்சேரிக்கு வரும் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நம் உறவினர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். உறவினர் எண்ணைக் கொடுத்து ஓடிபி வாங்கலாம் என்று தோன்றும். ஆனால் அந்த இணைப்பில் நடப்பவற்றுக்கு அந்த எண்ணின் உரிமையாளர் பெயரே பதிவாகும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. வரவேற்பறையில் கேட்டபோது, கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு ஒரு குறியீட்டுச் சீட்டு கொடுத்தார்கள். பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்த வேறொரு இணைப்பைத் தொட்டதும் அந்தக் குறியீட்டுக்கான கட்டம் வந்தது.

குறியீட்டை இட்டதும் இணையம் வந்துவிட்டது. இருந்தும் தண்டர்பேர்டில் அஞ்சல் வரவில்லை. தொடக்கத்தில் பிழை வந்தபோது அங்கங்கே தொட்டதில் செயலி இணைப்பில்லா நிலைக்குப் போயிருந்தது. `File` பட்டியில் `Offline` என்பதன் கீழ் `Work Offline` குறியிடப்பட்டிருந்ததை நீக்கியதும் அஞ்சல்கள் வரிசையாக இறங்கின.

மறுநாள் இரவு அதே பிழை மீண்டும் வந்தது. அந்தச் சீட்டு 24 மணி நேரத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும். இந்த முறை அவர் யாரையும் கேட்காமல் http முகவரியை அடித்து, புதிய சீட்டு வாங்கி முடித்துக்கொண்டார்.

உள்நுழைவு முடிந்த பின் சரிபார்த்தல்

உள்நுழைவு முடிந்ததாகப் பக்கம் சொன்னால் மட்டும் போதாது. முதலில் neverssl.com முகவரியை மறுபடியும் திறந்து, விடுதியின் பக்கம் வராமல் அந்தத் தளத்தின் சொந்தப் பக்கமே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அஞ்சல் செயலியை மூடித் திறங்கள். அதுவரை தோற்றுக்கொண்டிருந்த பழைய இணைப்பு முயற்சிகளைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்க அது உதவும். அவுட்லுக்கில் `Send / Receive` பட்டியிலும் `Work Offline` பொத்தான் உண்டு. அழுத்தப்பட்ட நிலையில் இருந்தால் விடுவியுங்கள். முன்பு சான்றிதழ் எச்சரிக்கை வந்திருந்தால், தவறான டிஎன்எஸ் பதில் கணினியின் நினைவில் தங்கியிருக்கக்கூடும். விண்டோஸில் அதை நீக்கும் கட்டளை:

```
ipconfig /flushdns
```

இதற்குப் பிறகும் வலைப்பக்கங்கள் திறந்து அஞ்சல் மட்டும் வராவிட்டால், அந்த வலையமைப்பு அஞ்சல் போர்ட்களையே அடைத்து வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து, உங்கள் அஞ்சல் சர்வரின் பெயரை இட்டு இவ்வாறு சோதியுங்கள்; ஜிமெயிலுக்கான உதாரணம் இது:

```
Test-NetConnection imap.gmail.com -Port 993
Test-NetConnection smtp.gmail.com -Port 587
```

விடையின் இறுதியில் `TcpTestSucceeded : True` என்று வந்தால் பாதை திறந்திருக்கிறது என்று பொருள். வலைப்பக்கங்கள் திறக்கும்போதே `False` என்று வந்தால், உலாவலை மட்டும் அனுமதிக்கும் வலையமைப்பு அது. முதல் சோதனை வென்று இரண்டாவது மட்டும் தோற்றால் அஞ்சல் வரும், ஆனால் அனுப்பியவை வெளிச்செல்லும் பெட்டியிலேயே தேங்கி நிற்கும். இவற்றை நம் பக்கத்திலிருந்து திருத்த முடியாது. உலாவியில் அஞ்சல் தளத்தைத் திறந்து வேலையை முடிக்கலாம், அல்லது கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியைச் சேர்த்துத் தேங்கியவற்றை அனுப்பிவிடலாம். விபிஎன் வைத்திருப்பவர்களுக்கு, அந்த வலையமைப்பு விபிஎன்னை அனுமதிக்குமானால், அதுவும் ஒரு வழி.

சில வேளைகளில் உள்நுழைவுப் பக்கமே இரண்டாவது கருவியை ஏற்க மறுக்கும். ஓர் அறைக்கு இத்தனை கருவிகள் என்று வரம்பு வைத்திருக்கும் விடுதிகளில், கைபேசியை வெளியேற்றிவிட்டு மடிக்கணினியைச் சேர்க்க வேண்டியிருக்கும். விமான நிலையங்களில் இலவச நேரம் முடிந்ததும், வேலை நடுவே அஞ்சல் மட்டும் சத்தமில்லாமல் நின்றுவிடும். வைஃபை அடையாளம் அப்படியே இருக்கும். கருவி தன் மேக் முகவரியை மாற்றிக்கொண்டாலும், ஏற்கெனவே உள்நுழைந்த கருவியை வலையமைப்பு புதியதாகக் கருதி மீண்டும் பக்கத்தைக் காட்டும். மூன்றிலும் திரும்பிச் செல்ல வேண்டிய இடம் அதே http முகவரிதான்.

சான்றிதழுக்கு ஏற்கெனவே சம்மதித்துவிட்டவர்களுக்கு

எச்சரிக்கை வந்தபோது அறியாமல் விதிவிலக்கு அளித்துவிட்டிருந்தால், அதை நிரந்தரமாகச் சேமிக்கும் குறியும் இடப்பட்டிருக்கலாம். தண்டர்பேர்டில் `Settings` பக்கத்தில் `Privacy & Security` பகுதிக்குச் சென்று, `Manage Certificates` பொத்தானைத் தொட்டு, `Servers` என்ற தாவலில் உங்கள் அஞ்சல் சர்வரின் பெயருக்கு எதிரே ஏதேனும் பதிவு இருந்தால் அதை நீக்கிவிடுங்கள். கணக்கு சாதாரணக் கடவுச்சொல் முறையில் இருந்தால், வீட்டுக்குத் திரும்பும் வரை காத்திராமல், கைபேசியின் மொபைல் டேட்டா வழியாக அன்றே கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.